நெளியும் பிள்ளையை நிறுப்பது எப்படி?

"பிள்ளையின் நிறை எவ்வளவு?" என்று வைத்தியர் கேட்டால் நம் வீடுகளில் பெரும்பாலும் யாராவது ஒருவர் உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். அந்த எண் எப்போது எடுக்கப்பட்டது, எந்தத் தராசில் எடுக்கப்பட்டது, பிள்ளை அப்போது என்ன உடுத்திருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எழுதப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை அந்த எண்ணிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. எண் பிழைத்தால் மருந்தும் அதே அளவுக்குப் பிழைக்கும்.

நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். பௌதிகவியல் பாடத்தில் உயர்த்தியில் நிற்கும் மனிதனைப் பற்றிய கணக்கு நம் எல்லோருக்கும் தெரியும். உயர்த்தி மேல்நோக்கி ஆர்முடுகும்போது அவன் காலடியில் உள்ள தராசு கூடுதலாகக் காட்டும், கீழ்நோக்கி ஆர்முடுகும்போது குறைவாகக் காட்டும். அவனுடைய திணிவு மாறவில்லை. தராசு திணிவை அளப்பதில்லை, தன்மீது விழும் விசையை மட்டுமே அளக்கிறது. தராசுத் தட்டில் கிடந்து காலை உதைக்கும் பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். ஏழரைக் கிலோப் பிள்ளையின் உடல் ஒரு கணம் செக்கனுக்குச் செக்கன் 1 மீற்றர் என்ற சிறிய ஆர்முடுகலோடு மேலெழும்பினாலே தராசு பத்தில் ஒரு பங்கு, அதாவது முக்கால் கிலோ, கூட்டிக் காட்டும். அடுத்த கணம் உடல் கீழே விழும்போது அதேபோலக் குறைத்துக் காட்டும். திரையில் எண்கள் 7.1, 8.2, 7.4 என்று குதிப்பது தராசு பழுதானதால் அல்ல. அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

இதிலிருந்து எனக்கு ஆறுதல் தந்த ஒரு விடயம் புரிந்தது. பிள்ளை தட்டுக்குள்ளேயே எவ்வளவு நெளிந்தாலும், வெளியே எதையும் தொடாதவரை, கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். சில செக்கன்களின் சராசரியை எடுத்தால் உண்மையான நிறை கிடைத்துவிடும். பிள்ளைகளுக்கென்று செய்யப்பட்ட இலத்திரனியல் தராசுகள் உள்ளே செய்வதும் இந்தச் சராசரிப்படுத்தலைத்தான். ஆகவே நெளிவது பெரிய எதிரி அல்ல. தொடுகை தான் எதிரி. பிள்ளை விழுந்துவிடும் என்ற பயத்தில் உம்மா நெஞ்சில் வைத்திருக்கும் கை, மேசை விளிம்பில் முட்டும் பிள்ளையின் குதிகால், தட்டிலிருந்து தொங்கி மேசையில் படியும் துவாயின் ஓரம் ஆகிய இவை எல்லாம் ஒரே பக்கமாக இழுக்கும் பிழைகள். எத்தனை தடவை சராசரி எடுத்தாலும் அவை போகாது. கை மேலிருந்து அழுத்தினால் நிறை கூடும். கீழிருந்து தாங்கினால் குறையும். கையை முழுதாக எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. பிள்ளையின் உடலுக்கு இரண்டு விரற்கடை மேலே, படாமல் பிடித்திருக்க வேண்டும். உருண்டால் பிடிக்கலாம், உருளாதவரை தொடக் கூடாது.

இனித் தராசுக்கு வருவோம். நம் ஊர்களில் கைக்குழந்தைகளை நிறுக்க மூன்று நான்கு வகையான தராசுகள் பயன்படுகின்றன. கிளினிக்குகளில் பலரும் கண்டிருப்பது தொங்கு தராசு. வட்ட முகப்பில் முள் சுற்றும், கீழே காற்சட்டை போன்ற ஒரு பையில் பிள்ளையை இருத்தித் தொங்கவிடுவார்கள். அது 25 கிலோ வரை காட்டும், ஒவ்வொரு கோடும் 100 கிராம். மாதாமாதம் வளர்ச்சிக் கோடு மேலேறுகிறதா என்று பார்க்க அது போதும். பையை வெறுமையாகத் தொங்கவிட்டு முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகே பிள்ளையை இருத்த வேண்டும். முள் ஆடினால் ஆட்டத்தின் இரு எல்லைகளுக்கும் நடுவை, கண்ணை முள்ளின் மட்டத்தில் வைத்து வாசிக்க வேண்டும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு கோடு பிசகும்.

மருந்துக்காக நிறுக்கும்போது, அதுவும் பிறந்து சில கிழமைகளே ஆன பிள்ளையானால், தட்டுத் தராசுதான் நல்லது. பழைய இரும்புத் தண்டுத் தராசும் சரி, புதிய இலத்திரனியல் தராசும் சரி, 10 கிராம் வரை நுணுக்கமாகக் காட்டும். இலத்திரனியல் தராசில் எண் நிலைத்ததும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அது கையெடுத்த பிறகு நிலைத்ததா, கை இருக்கும்போதே நிலைத்ததா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் ஏறி நிற்கும் தராசில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவையும், தனியாக ஒரு தடவையும் ஏறிக் கழித்துப் பார்ப்பவர்கள் பலர். முறை பிழையில்லை, கருவிதான் போதாது. முள் வைத்த தராசில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் அரைக் கிலோவோ ஒரு கிலோவோ இருக்கும். இரண்டு வாசிப்புகளிலும் பிழை வருமாதலால் கழித்து வரும் விடையில் அவை சேர்ந்துகொள்ளும். அரைக் கிலோப் பிழை 60 கிலோ உம்மாவுக்கு ஒன்றுமே இல்லை. ஏழரைக் கிலோப் பிள்ளைக்கு அது பதினைந்தில் ஒரு பங்கு. இரண்டரைக் கிலோவோடு பிறந்த பிள்ளைக்கோ ஐந்தில் ஒரு பங்கு. 100 கிராம் படிகளில் காட்டும் இலத்திரனியல் தராசானால் இந்தப் பிழை 100 கிராமுக்குள் அடங்கும். பெரிய பிள்ளைகளுக்கு அவசரத்துக்கு அது உதவும்.

பலசரக்குக் கடையில் இருக்கும் தராசு இதைவிட நுணுக்கமானது என்று வாப்பா ஒருநாள் வாதாடினார். நுணுக்கத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். ஆனால் அதன் தட்டுக்கு விளிம்பு இல்லை. உருளும் பிள்ளையை விளிம்பில்லாத உயரமான தட்டில் கிடத்த நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

எந்தத் தராசானாலும் அது கெட்டியான சமதளத்தில் இருக்க வேண்டும். கட்டில் மெத்தை, பாய், கம்பளம் எதன் மீதும் வைக்கக் கூடாது. தராசின் கால்கள் அமிழ்ந்தால் அடிப்பாகம் தரையில் முட்டி விசையில் ஒரு பங்கை அதுவே தாங்கிவிடும், தராசு குறைத்துக் காட்டும். தராசைச் சோதிப்பதும் கடினமில்லை. பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துப் பாருங்கள். பையின் நிறையையும் சேர்த்து ஐந்து கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வர வேண்டும். 4.7 என்று வந்தால் அந்தத் தராசில் பிள்ளையை நிறுத்துப் பயனில்லை.

உடை விடயத்தில்தான் வீட்டாருக்கும் கிளினிக்கில் நிற்பவர்களுக்கும் அடிக்கடி மனத்தாங்கல் வருகிறது. "காய்ச்சல் பிள்ளை, உடுப்பைக் கழற்றாதீங்க" என்பார் உம்மும்மா. அவருடைய கவலையும் நியாயமானதே. ஆனால் உடுப்பின் கணக்கைப் பாருங்கள். சட்டை, காற்சட்டை, தொப்பி, காலுறை எல்லாம் சேர்ந்தால் 200 கிராமைத் தாண்டிவிடும். உலர்ந்த பம்பர்ஸ் 30 கிராம் அளவில்தான் இருக்கும். ஓர் இரவு முழுவதும் நனைந்த பம்பர்ஸோ 200 கிராமுக்கு மேல் கனக்கும். அரை வயதைத் தாண்டிய பிள்ளை ஒரு மாதத்தில் ஏறுவதே ஏறத்தாழ 300 முதல் 400 கிராம் வரைதான். நனைந்த பம்பர்ஸோடு நிறுத்தால் ஏறாத அரைமாத வளர்ச்சியை ஏறியதாகப் பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். அடுத்த மாதம் உலர்ந்த பம்பர்ஸோடு நிறுத்தால் பிள்ளை மெலிந்துவிட்டதென்று வீடே கலங்கும்.

ஆகவே உடுப்பில்லாமல் நிறுப்பதே சரி. பம்பர்ஸ் கட்டாயம் வேண்டுமென்றால் புதிய, உலர்ந்த ஒன்று. குளிரைப் பற்றிய கவலைக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. மெல்லிய துணி ஒன்றை மடித்துத் தட்டில் விரித்து, அது தட்டுக்கு வெளியே தொங்காதபடி பார்த்து, பிறகு தராசைப் பூச்சியமாக்க வேண்டும். அதன்மேல் பிள்ளையைக் கிடத்தினால் முதுகில் குளிர்ந்த தட்டுப் படாது. நுவரெலியா போன்ற குளிரான இடங்களில் இருப்பவர்கள் உடுப்போடு நிறுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் மாற்றும்போது அதே உடுப்பையும் பம்பர்ஸையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுத் தனியே நிறுத்துக் கழித்துக்கொள்ளலாம். உடுப்பு அரைக் கிலோ இருக்கும் என்று மனக்கணக்கில் கழிப்பது கழிக்காமல் விடுவதைவிட நல்லதென்று எனக்குத் தோன்றவில்லை. பால் குடித்த உடனே நிறுத்தாலும் 100 கிராம் அளவு கூடும். அதற்காகப் பசியில் அழவிட வேண்டியதில்லை. எப்போது குடித்தது என்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

நெளியும் பிள்ளையை ஒரே தடவை நிறுத்து முடிவுக்கு வரக் கூடாது. கிடத்தி, எண் நிலைக்கும்வரை பொறுத்து, வாசித்து, தூக்கி, பூச்சியத்தைப் பார்த்து, மீண்டும் கிடத்த வேண்டும். இரண்டு வாசிப்புகளும் 20 கிராமுக்குள் நெருங்கி வந்தால் அவற்றின் சராசரி போதும். இல்லாவிட்டால் மூன்றாம் தடவை. மூன்றுமே எங்கெங்கோ நின்றால் எதையோ எதுவோ தொடுகிறது என்று அர்த்தம். துணியின் ஓரத்தையும் பிள்ளையின் காலையும் பாருங்கள்.

இவையெல்லாம் மருந்தில் எப்படி வந்து முடிகின்றன என்பதை என் ராத்தாவின் மகனை வைத்துச் சொல்கிறேன். அவனுக்கு எட்டு மாதம். இரண்டு நாள் காய்ச்சல். வீட்டில் பரசிற்றமோல் சிரப் புதிதாக வாங்கி வைத்திருந்தார்கள். அளவுக்கு ஒரு மருந்துத் துண்டும் இருந்தது. இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தபோது எழுதித் தந்தது. அதில் 2.5 மில்லிலீற்றர் என்று இருந்தது. ராத்தா அதைப் பார்த்து அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் கொஞ்சம் இறங்குவதும் திரும்ப ஏறுவதுமாக இருந்தது. மருந்து வேலை செய்யவில்லை, இன்னும் சக்தியான மருந்து வேண்டும் என்று மச்சான் சொல்லத் தொடங்கிவிட்டார்.

நம் நாட்டில் பொதுவாகக் கிடைக்கும் பரசிற்றமோல் சிரப்பில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. ஒரு மில்லிலீற்றரில் 24 மில்லிகிராம். பிள்ளைகளுக்கு ஒரு வேளை அளவு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டாம் மாதத்தில் அவன் நிறை 4.5 கிலோ. அப்போது 2.5 மில்லிலீற்றர், அதாவது 60 மில்லிகிராம், கிலோவுக்குப் பதின்மூன்று மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதல். சரியான அளவு. துண்டை எழுதியவர் மீது ஒரு பிழையுமில்லை. ஆனால் பிள்ளை அந்தத் துண்டுக்காகக் காத்திருக்கவில்லை, வளர்ந்துவிட்டான்.

வைத்தியரிடம் கூட்டிப்போனபோது நானும் போயிருந்தேன். "பிள்ளைட நிறை எத்தன?" என்று கேட்டார். "ஆறு கிலோ இரிக்கும் டொக்டர்" என்றார் ராத்தா. அது நான்காம் மாதத்துக் கணக்கு. வைத்தியர் பதிவேட்டைப் புரட்டித் திகதியைப் பார்த்துவிட்டு நிறுத்துவரச் சொன்னார். முதலில் உடுப்போடும் நனைந்த பம்பர்ஸோடும் தட்டில் வைத்தார்கள். எண் 7.9 இலிருந்து 8.3 வரை குதித்தது. உதவிக்கு நின்றவர் 8.1 என்று எழுதப்போனார். வைத்தியர் விடவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, துணியை விரித்து, பூச்சியமாக்கி மூன்று தடவை நிறுத்தபோது 7.60, 7.64, 7.62 என்று வந்தது. கழற்றிய உடுப்பையும் பம்பர்ஸையும் நான் ஆவலில் அதே தட்டில் வைத்துப் பார்த்தேன். 430 கிராம்!

இப்போது கணக்கைப் பாருங்கள். 7.62 கிலோப் பிள்ளைக்கு 60 மில்லிகிராம் கொடுத்தால் கிலோவுக்கு 8 மில்லிகிராம்கூட இல்லை. குறைந்தபட்ச அளவுக்கும் கீழே. மருந்து வேலை செய்யாததற்குக் காரணம் மருந்து அல்ல. ராத்தா சொன்ன ஆறு கிலோவை வைத்து உயர்ந்த அளவான 15 மில்லிகிராமில் கணக்கிட்டாலும் 90 மில்லிகிராம்தான், 3.75 மில்லிலீற்றர். உண்மை நிறைக்கு அந்த உயர்ந்த அளவு 114 மில்லிகிராம், 4.75 மில்லிலீற்றருக்குச் சற்று மேல். வைத்தியர் கொஞ்சம் குறைத்து 4.5 மில்லிலீற்றர் என்று எழுதினார். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளொன்றுக்கு நான்கு தடவைக்கு மேல் கூடாது. அளக்க ஊசியில்லாத சிரிஞ் ஒன்றும் தந்தார். வீட்டுத் தேக்கரண்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை.

பரசிற்றமோலில் குறைந்துபோனால் காய்ச்சல் இறங்காமல் பிள்ளை அவதிப்படும். அன்டிபயோட்டிக்கில் குறைந்துபோனால் கிருமி முழுதாக அழியாது. இரண்டையும்விட எனக்குப் பயமாக இருப்பது வீட்டார் செய்யும் அடுத்த வேலை. மருந்து பிடிக்கவில்லை என்று நேரத்துக்கு முன்பே அடுத்த வேளையைக் கொடுப்பதும், வேறொரு பெயரில் இன்னொரு காய்ச்சல் மருந்தைச் சேர்ப்பதும்தான். வேறு பெயரில் இருப்பதும் பல நேரங்களில் பரசிற்றமோலாகவே இருக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகவே அளவைக் கூட்டிவிடவும் வேண்டாம். துளித்துளியாகக் கொடுக்கும் பரசிற்றமோல் சிரப்பைவிடப் பல மடங்கு செறிவானது. அதில் இந்த மில்லிலீற்றர்க் கணக்கைப் போட்டால் விபரீதமாகும். நிறையை மட்டும் சரியாக எடுத்துக்கொண்டு போங்கள், அளவை வைத்தியரோ பாமசியில் இருப்பவரோ சொல்லட்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கவே கூடாது, உடனே வைத்தியசாலை.

பழைய நிறை எப்போதும் குறைவான மருந்தில்தான் முடியும் என்றும் நினைக்கக் கூடாது. வயிற்றோட்டம் வந்த பிள்ளையில் அது தலைகீழாகும். 8 கிலோ இருந்த பிள்ளை இரண்டு நாளில் 7.4 கிலோவாகிவிட்டால் பழைய எண் மருந்தைக் கூட்டிவிடும். ஆனால் இங்கே பழைய எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. போன கிழமை சரியாக நிறுத்து எழுதிய 8 கிலோ கையில் இருந்தால், இழந்த 600 கிராமும் பெரும்பாலும் நீர்தான் என்று வைத்தியருக்கு உடனே விளங்கும். உடல் நிறையில் நூற்றுக்கு ஏழரைப் பங்கு நீர் போயிருக்கிறது. இப்படி ஓரளவு நீர் வற்றிய பிள்ளைக்கு முதல் நான்கு மணித்தியாலத்தில் கொடுக்க வேண்டிய ஜீவனிக் கரைசலும் நிறையின்படிதான், கிலோவுக்கு 75 மில்லிலீற்றர். 7.4 கிலோவுக்கு அது 555 மில்லிலீற்றர். போன மாத நிறையை நனைந்த பம்பர்ஸோடு எடுத்திருந்தால், அல்லது வேறு தராசில் எடுத்திருந்தால், இந்த ஒப்பீடு எதுவும் செய்ய முடியாது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. உம்மும்மாவுக்கு இன்றைக்கும் பிள்ளைகளின் நிறை இறாத்தலில்தான் நினைவிருக்கிறது. நான் ஆறரை இறாத்தல் பிறந்தேனாம். வீட்டுக்கு வாங்கும் இலத்திரனியல் தராசுகள் பலவற்றில் கிலோவுக்கும் இறாத்தலுக்கும் மாற்றும் பொத்தான் ஒன்று அடியில் இருக்கும். திரையின் மூலையில் kg என்று இருக்கிறதா, lb என்று இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் விட்டால் 7.62 கிலோப் பிள்ளை 16.8 என்று காட்டும். அதைக் கிலோ என்று நம்பி 15 மில்லிகிராம் கணக்கில் அளந்தால் 10.5 மில்லிலீற்றர் வரும். இருமடங்குக்கும் மேல். அதை நாளுக்கு நான்கு வேளையாகச் சில நாட்கள் கொடுத்தால் ஈரல் பாதிக்கப்படும். எட்டு மாதப் பிள்ளை பதினாறு கிலோ இருக்காது என்று கண்ணுக்கே தெரிய வேண்டும். ஆனால் நடுச்சாமத்தில், அழும் பிள்ளையோடு, எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாமலும் போகலாம்.

ஒரு நிறை எவ்வளவு காலம் செல்லும் என்று ராத்தா அன்றைக்கே கேட்டார். வயது குறையக் குறைய அந்தக் காலமும் குறையும். முதல் மூன்று மாதங்களில் பிள்ளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் ஏறும். இரண்டு கிழமை பழைய எண் 350 கிராமுக்கு மேல் பின்தங்கியிருக்கும். நாலரைக் கிலோப் பிள்ளைக்கு அது நூற்றுக்கு எட்டுப் பங்கு. ஆகவே அந்த வயதில் ஒரு கிழமைக்கு மேற்பட்ட நிறையை மருந்துக்கு நம்பக் கூடாது. அரை வயதுக்குப் பிறகு ஏற்றம் மெதுவாகும், ஒரு மாதம் வரை தாங்கும். இடையில் வயிற்றோட்டமோ வாந்தியோ வந்திருந்தால் நேற்றைய நிறைகூடப் பழையதுதான். நிறுக்க வழியே இல்லாத இடத்தில் இருந்தால் "ஏழு கிலோ" என்று ஊகித்துச் சொல்வதைவிட, கடைசியாக நிறுத்த எண்ணையும் அதன் திகதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். எத்தனை நாளில் எவ்வளவு ஏறியிருக்கும் என்று கணக்குப் பார்க்க வைத்தியருக்குத் தெரியும்.

பதிவேட்டின் பின்புறம் ராத்தா இப்போது ஒரு சிறு அட்டவணை கோடிட்டு வைத்திருக்கிறார். திகதி, நிறை, எந்தத் தராசு, என்ன உடுப்பு, பால் குடித்தது எப்போது என்று ஐந்து நிரல்கள். மருந்துத் துண்டுகளின் மூலையிலும் அன்றைய நிறையை எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேட்டுக்கொள்கிறார். துண்டை மறுபடி கையில் எடுக்கும்போது முதலில் கண்ணில் படுவது மில்லிலீற்றராக இராமல் அந்த நிறையாக இருக்கும்.